வெற்றிடமும் ஒரு தகவல்தான்: பாஸ்புக் பக்கத்தைப் படியெடுப்பது எப்படி?

அச்சிட்ட பாஸ்புக் பக்கத்தைக் கணினியில் படியெடுக்கும்போது, நம் கவனமெல்லாம் எண்களின் மீதே இருக்கும். ஆனால் முதலில் தொலைவது எண் இல்லை, வெற்றிடம். பணம் போகும், வரும் ஒவ்வொரு வரியிலும் பற்று, வரவு இரண்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். பணம் போனதா வந்ததா என்பதைச் சொல்வதே அந்தக் காலியிடம்தான். கீழே உள்ள பத்திகள் இடமிருந்து வலமாகத் தேதி, குறியீடு, பற்று, வரவு, இருப்பு.

```
03-06 B/F                           12450.00
05-06 CHQ         3200.00            9250.00
09-06 TRF                  1845.00  11095.00
12-06 ATM         2000.00            9095.00
30-06 INT                    67.00   9162.00
```

B/F என்பது முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருப்பு. CHQ காசோலை, TRF கணக்கு மாற்றம், INT வட்டி. பாஸ்புக் அச்சுப்பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் புள்ளிகள் நேராக நிற்கின்றன. நாமும் சம அகல எழுத்துருவில், தொகைகளை வலப்பக்கம் ஒட்டி, பைசாவோடு அடிக்க வேண்டும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே குறியீடுகளை அச்சில் உள்ளபடியே விடுவதுதான் நல்லது, விரித்து எழுதினால் வரிசை கலையும்.

இடைவெளிகள் சுருங்கி எல்லாம் ஒட்டிக்கொண்டால் 1845 எந்தப் பத்தியைச் சேர்ந்தது? அதை இருப்பு சொல்லிவிடும். 9250 என்பது 11095 ஆகியிருக்கிறது, கூடியிருப்பதால் வரவு. முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் அந்த வரியின் இருப்பு வர வேண்டும். இந்தக் கணக்கை வரிக்கு வரி போட்டுப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிழை தன் அடையாளத்தை விட்டுச்செல்வது. 1845-ஐப் பற்றில் போட்டுவிட்டால் 7405 வரும். அச்சிலுள்ள இருப்போடு வித்தியாசம் 3690, அதாவது தொகையைப் போல இரு மடங்கு. பத்தி மாறியதற்கு இதுவே சாட்சி. 1485 என்று இலக்கம் மாற்றி அடித்தால் வித்தியாசம் 360. அது 9-ஆல் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் இப்படித்தான். 360 என்பது 9 × 4 × 10. ஆக, பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கின்றன, அவற்றின் வித்தியாசம் 4 என்பதுவரை தெரிந்துவிடுகிறது.

தொகை சரியாக இருந்து இருப்பையே தப்பாக அடித்தால்? 9095-ஐ 9905 என்று எழுதினால் அந்த வரி 810 கூடுதலாகக் காட்டும், அடுத்த வரி அதே 810 குறைவாகக் காட்டும். அடுத்தடுத்த இரு வரிகள் எதிரெதிராக உதைத்தால், தொகைகளை விட்டுவிட்டு நடுவிலுள்ள இருப்பைப் பாருங்கள்.

தேதியையும் குறியீட்டையும் இந்தக் கணக்கு பிடிக்காது. CHQ என்பதை TRF என்று அடித்தாலும் இருப்பு ஒத்துப்போகும். அவற்றை மட்டும் அச்சுப் பக்கத்தின் மேல் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திக் கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.