சித்தப்பா போன்ல மட்டும் ஏன் ஆட் வரல?

என் யூடியூப் சேனல்ல பைக் செயின் டைட் பண்றது எப்படின்னு 11 நிமிஷ வீடியோ ஒண்ணு போட்டிருந்தேன், மானிடைசேஷன் ஆன்ல இருக்கு, பச்சை டாலர் குறி எரியுது. சித்தப்பா போன் பண்ணி, "என்னடா காசு வருதுன்னு சொன்ன, நான் ரெண்டு தடவ பாத்தேன் ஒரு விளம்பரம் கூட வரலியே"ன்னு கேட்டாரு. அதே வீடியோவ எதிர்வீட்டு அக்கா பாத்தப்போ ஆரம்பத்துலயே ரெண்டு ஆட், நடுவுல ஒண்ணு.

நெறைய பேரு நினைக்கிற மாதிரி ஆட் வந்து வீடியோவுக்குள்ள ஒட்டி வச்சிருக்க பொருள் இல்லங்க. மானிடைசேஷன் ஆன் பண்றதுன்னா "இங்க ஆட் போட்டுக்கலாம்"னு இடம் விடுறது, அவ்ளோதான். நீங்க ப்ளே அமுக்குனதும் விளம்பரக்காரங்க நடுவுல ஒரு ஏலம் நடக்கும், இந்த ஆள், இந்த ஊரு, இந்த போன், இந்த மாதிரி வீடியோ, யாருக்கு வேணும்னு. அதிக வெலை கேட்டவன்தான் ஜெயிப்பான்னு இல்ல, ஆட் எவ்ளோ பொருத்தம்ங்கிறதும் சேந்து பாப்பாங்க, கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். அதனால ஒவ்வொரு தடவயும் ரிசல்ட் வேற, யாருமே கேக்கலன்னா வீடியோ சும்மா ஓடும்.

சித்தப்பா விஷயத்துல அந்த ஏலமே நடக்கல. அவரு போன வாங்கி பாத்தா மேல யூடியூப் லோகோ பக்கத்துல Premium னு எழுதியிருக்கு, பையன் எடுத்த ஃபேமிலி ப்ளான்ல இவரையும் சேத்து விட்டிருக்கான், மனுஷனுக்கே தெரியாது! இந்தியாவுல 2019 மார்ச்ல வந்த சந்தா இது. மெம்பருக்கு நான் எத்தன இடத்துல ஆட் வச்சாலும் காட்ட மாட்டாங்க. ஆனா எனக்கு நாமம் இல்ல. சந்தா காசுல ஒரு பங்கு கிரியேட்டர்களுக்குன்னு ஒதுக்கி, மெம்பருங்க யாரு வீடியோவ எவ்ளோ நேரம் பாத்தாங்களோ அந்தக் கணக்குல பிரிச்சுக் குடுப்பாங்க. மஞ்சள் குறி விழுந்து ஆட் கம்மியான வீடியோவுக்குக்கூட இந்தக் காசு வரும்.

அடுத்து ஊரு விஷயம். திருச்சியில இருக்க ஒரு நகைக்கடைக்காரரு தமிழ்நாட்டுக்கு மட்டும் காட்டுன்னு செட் பண்ணிருப்பாரு, அதே வீடியோவ ஏதோ ஒரு குட்டி நாட்டுல ஒருத்தர் தமிழ்ல பாத்தா அவருக்கு ஏலம் கேக்கவே ஆள் இல்லாம போகலாம். சில எடத்துல கடையே மூடியிருக்கும், 2022 மார்ச்ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்யாவுல இருக்குறவங்களுக்கு ஆட் காட்டுறதையே கூகுள் நிறுத்திருச்சு. இதுல கவனிக்க வேண்டியது, சேனல் எந்த நாடுங்கிறது இல்ல, பாக்குறவரு எங்க இருக்காருங்கிறதுதான். ரஷ்யக்காரர் போட்ட வீடியோவ அப்போ சென்னையில இருந்து பாத்தா ஆட் வரலாம், சென்னைக்காரர் போட்டத மாஸ்கோவுல பாத்தா வராது.

இது ரெண்டும் இல்லாமலும் வராம போகும். இப்பதான் ஒரு ஆட் பாத்து முடிச்சிருப்பீங்க, உடனே அடுத்த வீடியோவுக்கும் போட்டா கடுப்பாயி ஓடிருவீங்கன்னு விட்டுருவாங்க. ஆட் ப்ளாக்கர் பத்தி சொல்லவே வேணாம்.

சரி, எத்தன பேருக்கு வந்துச்சுன்னு எப்படி தெரிஞ்சிக்கிறது? சொந்த வீடியோவ நாமளே திரும்பத் திரும்ப ஓட்டி பாக்காதீங்க, ஆட் வந்தா அதையும் அமுக்கி வச்சீங்கன்னா போலி ட்ராஃபிக்னு கணக்குக்கே வேட்டு. ஸ்டூடியோ அனலிட்டிக்ஸ்ல Estimated monetized playbacks னு ஒரு எண் இருக்கு, ஆட் வந்த வியூஸ் எத்தனன்னு காட்டும், அதத்தான் வியூஸ் கூட வச்சு பாக்கணும். சும்மா ஒரு கணக்குக்கு, 1000 வியூஸ்ல இது 600ன்னு வைங்க, மிச்ச 400ல பிரீமியம், ஏலம் போகாதது, ப்ளாக்கர் எல்லாம் கலந்து கிடக்கு. ஆட் வந்த ஆயிரம் வியூஸுக்கு விளம்பரக்காரங்க குடுக்குற Playback-based CPM 100 ரூபான்னா 600க்கு 60 ரூபா, அதுல கிரியேட்டர் பங்கு 55 சதவீதம், 33 ரூபா. பிரீமியம் வழியா 7 ரூபா வந்தா மொத்தம் 40, ஆயிரம் வியூஸுக்கு நம்ம கைக்கு வர்ற இந்த 40தான் RPM. சீபிஎம் 100 காட்டுது கையில 40தான் வருது, ஏமாத்துறாங்கன்னு பொலம்புறவங்க இந்த 400 பேரையும் யூடியூப் எடுத்துக்குற பங்கையும் மறந்துடுறாங்க. அந்த monetized playbacks எண்ண நாடு வாரியா பிரிச்சுப் பாத்தீங்கன்னா, எந்த ஊர்ல வியூஸ் இருந்தும் ஆட் ஓடலைன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிரும்.

இதெல்லாம் சித்தப்பாகிட்ட சொல்லி முடிச்சதும், "அப்ப நான் பாத்தாலும் உனக்கு வருதுல்ல?"ன்னு கேட்டாரு. வருது சித்தப்பா, ஆனா பாத்த நேரத்துக்குத்தான் காசு, எத்தனாவது நிமிஷம் வரைக்கும் பாத்தீங்கன்னு கேட்டேன். செயின் கழட்டுற எடத்துலயே தூங்கிட்டாராம்.