ஃபைல் பாதையின் நடுவில் வரும் மூன்று புள்ளி

மார்த்தாண்டத்தில் ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆல்பம் மென்பொருளில் நீளமான ஃபைல் பாதையைச் சில இடங்களில் கடைசியில் வெட்டுகிறது, சில இடங்களில் நடுவில் வெட்டுகிறது. ஏன்?" அவர் அனுப்பிய பாதை போல ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் 51 எழுத்துகள்.

```
D:\Photos\2024\Colachel\Wedding\Album\final_012.jpg
```

திரையில் 30 எழுத்துக்குத்தான் இடம். கடைசியில் வெட்டினால் `D:\Photos\2024\Colachel\Weddi…` என்று நிற்கும். அந்த ஃபோல்டரில் உள்ள அத்தனை படங்களுக்கும் இதே வரிதான். எது எந்தப் படம் என்று தெரியாது. `bill.pdf.exe` போன்ற ஆபத்தான ஃபைலின் வாலும் மறைந்துவிடும்.

நடுவில் வெட்டும்போது கணக்கு பின்னாலிருந்து தொடங்குகிறது. கடைசி சாய்கோட்டோடு சேர்த்து ஃபைல் பெயருக்கு முதலில் 14 இடம். முப்புள்ளி யூனிகோடில் ஒரே குறி என்பதால் அதற்கு 1. மீதி 15 இடம் பாதையின் தொடக்கத்துக்கு.

```
D:\Photos\2024\…\final_012.jpg
```

சரி, எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்றால் இத்தோடு வேலை முடிந்தது. ஆனால் திரையில் i ஒல்லி, m தடிமன். தமிழில் ர எங்கே, ண எங்கே! அதனால் எழுத்தை எண்ணிப் பயனில்லை, அகலத்தைத்தான் அளக்க வேண்டும். கடைசி சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள 37 எழுத்தில் எத்தனையை வைத்துக்கொள்வது? ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்காமல், பாதியை வைத்து அளக்கலாம். இடம் மிஞ்சினால் மேல்பாதியில் தேடு, போதவில்லையென்றால் கீழ்ப்பாதியில் தேடு. ஒவ்வொரு முறையும் தேட வேண்டியது பாதியாகக் குறைவதால் ஆறே அளவில் விடை கிடைத்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். 'குளச்சல்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டுக் குறிகள்: க, ு, ள, ச, ், ச, ல, ். முதல் குறிக்குப் பின் வெட்டினால் 'கு' என்பது 'க…' ஆகிவிடும். ஃபைல் பெயரே நீளமாகி அதையும் நடுவில் வெட்ட நேர்ந்தால், முப்புள்ளிக்குப் பின் துணையெழுத்து தனியாக விழும். அப்போது எழுத்துரு அதற்குப் புள்ளிவட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டும். புள்ளிவட்டம் கண்ணில் பட்டால், மென்பொருள் தவறான இடத்தில் வெட்டியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உயிர்மெய்யைப் பிரிக்காமல் வெட்ட யூனிகோடு விதி தந்திருக்கிறது. அதைப் பின்பற்றும் நிரல் 'கு'வைத் தொடாது. ஆனால் அந்தப் பொது விதிக்கு 'க்ஷ' இரண்டு எழுத்து. 'லக்ஷ்மி' என்ற ஃபோல்டர் 'லக்…' என்று நிற்கலாம். தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட சோதனைகளுக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், சுருக்கம் பார்ப்பதற்கு மட்டும்தான். திரையில் தெரியும் முப்புள்ளி வரியையே நகலெடுத்து ஒட்டினால் ஃபைல் திறக்காது. நல்ல மென்பொருள் முழுப் பாதையைத் தனியே வைத்திருந்து, நகலெடுக்கும்போது அதையே கொடுக்கும்.