கூழுக்குள் வளரும் பனிக்கட்டி

சித்திரையில் ஃப்ரீசரில் வைத்த செங்கவருக்கை மாம்பழக் கூழை ஆவணியில் எடுத்தால் தண்ணீர் வேறு, நார் வேறாகப் பிரிந்து நிற்கிறது. மட்டி வாழைப்பழத் துண்டுகளோ கொழகொழத்துவிட்டன. கெட்டுவிட்டதா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இடையில் உருகாமல் இருந்திருந்தால் கெடவில்லை. குலைந்தது கட்டமைப்புதான்.

பழத்துண்டில் பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே உருவாகிறது. அங்கே தண்ணீர் உறைய உறைய, மிஞ்சும் சாறு அடர்த்தியாகி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. செல் சுருங்கும், சவ்வு கிழியும். உருகிய பிறகு அந்தத் தண்ணீர் உள்ளே திரும்புவதில்லை. கூழில் மிக்ஸியே செல்களை உடைத்துவிட்டது. ஆகவே அங்கே பனிக்கட்டியின் அளவுதான் எல்லாம். மெதுவாக உறைந்தால் சில படிகங்களே தோன்றிப் பெரிதாகும். அவை கூழுக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டினையும் நாரையும் ஒதுக்கி நெருக்கிவிடும். வேகமாக உறைந்தால் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றும்.

ஆனால் உறைந்ததோடு கதை முடிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பதுதான். சர்க்கரை இருப்பதால் -18 டிகிரியிலும் கூழின் தண்ணீர் முழுதும் உறையாது. படிகங்களுக்கு இடையே கெட்டிப் பாகு மிஞ்சியிருக்கும். கதவைத் திறந்தாலோ கரண்ட் போனாலோ வெப்பநிலை சில டிகிரி ஏறும். வளைவு அதிகமுள்ள சின்னப் படிகங்கள் முதலில் கரையும். மறுபடி குளிரும்போது அந்தத் தண்ணீர் புதுப் படிகமாகப் பிறக்காமல், பாகின் வழியே போய்ப் பெரிய படிகங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சின்னது மறையும், பெரியது கொழுக்கும். நான்கு மாதத்தில் நாக்கில் மணல்போல் நெருடும் அளவுக்கு வளர்ந்துவிடும். பையின் உட்புறம் வெண்பூப்போல் பனி படிந்திருந்தால் வெப்பநிலை ஏறி இறங்கியது என்று அர்த்தம்.

ஒரு கிலோ கூழை எட்டு சென்டிமீட்டர் உயர டப்பாவில் வைக்காதீர்கள். நான்கு பைகளாக்கி, காற்றை வெளியேற்றி, இரண்டு சென்டிமீட்டர் தட்டையாகப் பரப்புங்கள். தடிமன் இரட்டித்தால் உறையும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல், நான்கு மடங்கு வரைகூடப் போகும். உறையும் வரை பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

வாழைக்கூழ் கறுப்பது வேறு விஷயம். கறுக்கவைக்கும் நொதியைக் குளிர் அழிப்பதில்லை, மந்தமாக்குகிறது. உருகியதும் வேகம் பிடிக்கும். கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்தால் கறுப்பது தள்ளிப்போகும்.

மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தப் பக்குவத்தில், எந்த வேகத்தில் உறைய வைத்தால் அதன் மணமும் மென்மையும் நிற்கும் என்று ரகவாரியாகச் சோதிக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகியின் கூழை முழுதாக உருகவிடாமல் பாதி உறைந்த நிலையிலேயே மிக்ஸியில் அடித்தால் பெரிய படிகங்கள் நொறுங்கி, பிரிந்த தண்ணீர் மறுபடி கலந்துவிடும். மட்டித் துண்டுகளை அப்படியே உண்ணியப்ப மாவில் சேர்க்கலாம்.