கற்பனை நாட்டிலும் ஒரு சாயத்தொட்டி வேண்டும்

கடந்த ஆண்டு ஓர் இளம் எழுத்தாளர் தன் மிகுபுனைவு நாவலின் கைப்பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். இயற்கைச் சாயம் தோய்ப்பது என் தொழில் என்பதால் உடை பற்றிய பகுதிகளைப் பார்க்கச் சொன்னார். உப்பங்கழிக் கரையில் வாழும் ஒரு மக்கள் கூட்டம். அவர்களுக்கு உவரர் என்று பெயர் வைத்திருந்தார். அரசர்கள் நீலம் உடுத்துகிறார்கள், படகோட்டிகள் பழுப்பு, அடிமைகள் கறுப்பு.

கறுப்பைக் கண்டதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பருத்தியில் நல்ல கறுப்பு ஏறுவது எளிதல்ல. கடுக்காயில் ஊறிய துணியை இரும்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். இரும்பு சற்றே கூடினாலும் சில ஆண்டுகளில் நூல் இற்றுப்போகும். அடிமைக்கு யார் இவ்வளவு செலவு செய்வார்கள்? 15ஆம் நூற்றாண்டில் பர்கண்டியின் கோமகன் பிலிப் கறுப்பையே தன் உடையாக்கிக்கொண்டதில் செல்வமும் தெரிந்தது. ஏழையின் துணிக்குச் சாயமே தேவையில்லை. வெளுக்காத பருத்தியின் மங்கல் வெள்ளை போதும்.

ஆகவே நிறத்தைப் பிரித்துக் கொடுக்கும் முன், அந்த மண்ணில் என்ன சாயம் விளைகிறது என்று முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் அவுரியைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரு செடியே போதும் என்று நாங்கள் பிறகு கண்டுகொண்டோம்.

அவுரி இலையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்து அடித்துக் கலக்கினால் நீலம் வண்டலாகப் படியும். அதை உலர்த்திக் கட்டியாக்குவார்கள். கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் நொதிக்கவிட்டால்தான் அது கரைந்து துணிக்குள் புகும். அந்த நொதிப்பு நாற்றம் சாயக்காரரின் தெருவை அடையாளம் காட்டிவிடும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அந்தச் சில நொடிகளில் கையை நிறுத்தி நிற்கிறேன்.

ஒருமுறை முக்கினால் வெளிர் வானம். ஆழ்ந்த நீலம் வேண்டுமானால் முக்கி, காற்றாடவிட்டு, மறுபடி முக்கி என்று பல முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முக்குக்கும் சாயமும் கூலியும் கூடும். எனவே உவரரின் படிநிலைக்குப் பல நிறங்கள் வேண்டாம். முக்குகளின் எண்ணிக்கையே போதும். கூலியாள் சாயமற்ற துணி உடுத்துவான், படகோட்டி ஒரு முக்கு, வணிகர் ஐந்து, ஆளும் குடும்பம் பத்துக்கு மேல். 'பத்து முக்குக்காரர்' என்பது அவர்கள் பேச்சில் வசைச்சொல்லாகவே வரலாம்.

புதுப்பணக்காரர் இதில் ஏமாற்றவும் முடியும். அடர்த்தியான தொட்டியில் ஒரே முக்கில் கருநீலம் வந்துவிடும். ஆனால் சாயம் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்பதால் வியர்த்தால் கழுத்தில் ஒட்டும். அந்தக் கறை எங்கும் இழிவு என்று கொள்ளாதீர்கள். சகாராவின் துவாரெக் மக்களிடம், அவுரியில் தோய்த்து மினுங்கும்வரை அடித்த தலைப்பாகைத் துணி முகத்தில் நீலம் ஏற்றுவது வளமையின் அடையாளம். உவரரிடம் அது எதைக் காட்டும் என்பதை எழுதுபவர் முன்பே தீர்மானிக்க வேண்டும். நாங்கள் அதை வெட்கமாகவே வைத்தோம். சாயக்காரரின் கறை வேறு: முழங்கை வரை ஏறி, நகக்கண்ணில் தங்கியிருக்கும்.

தொழிலைக் காட்ட எழுத்தாளர் முதலில் சின்னங்களைத் தைத்திருந்தார்; மீனவனுக்கு மீன், கொல்லனுக்குச் சுத்தியல். அவற்றை எடுத்துவிடச் சொன்னேன். அவுரி நீலம் உரசும் இடத்தில் தேய்ந்து வெளிறும். பழைய ஜீன்ஸின் முழங்காலைப் பார்த்தால் தெரியும். சுமை தூக்குபவனுக்குத் தோளில் வெளிறும். தறியில் உட்காருபவருக்குப் பின்புறம். துடுப்பின் கைப்பிடியை இடுப்போடு அணைத்து வலிப்பவனுக்கு அந்தப் பக்க இடுப்பில்.

அடுத்த திருத்தத்தில் நாவலில் ஒரு காட்சி புதிதாக வந்திருந்தது. எதிரி நாட்டு ஒற்றன் படகோட்டியின் வெளிர்நீல வேட்டியுடன் துறைக்கு வருகிறான். பேச்சு, நடை, உப்பு வெடித்த உதடு எல்லாம் சரியாக இருக்கின்றன. மீன் விற்கும் கிழவி அவன் இடுப்பை இருபுறமும் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே நீலம். கூடையை மூடிவிட்டுக் காவலரைத் தேடி எழுகிறாள்.