பேஜுக்கு பாஸ்வேர்டு கிடையாது

இந்த மாதத்தில் திருட்டுப்போன மூன்றாவது ஃபேஸ்புக் பேஜ் இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புடவைக் கடைக்காரர் போன் செய்தார். "சார், எங்க பேஜ்ல எங்களையே காணோம்." ராத்திரியோடு ராத்திரியாக அவருடைய கார்டில் விளம்பரச் செலவாக 38,000 ரூபாய் போயிருந்தது. புடவை படங்கள் இருந்த இடத்தில் யாருக்கும் புரியாத மொழியில் ஏதோ முதலீட்டு விளம்பரம்.

நான் முதலில் கேட்டது, பேஜில் யார் யாருக்கு முழு அதிகாரம் என்று. "எனக்கும் பையனுக்கும்தான்" என்றார். பழைய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பார்த்தால் ஐந்து பேர். ஒன்றரை வருடம் முன்பு வேலையை விட்டுப்போன டிசைனர் தம்பியும் அதில் ஒருவர். அவருக்கு மெட்டா பெயரில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது: பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும், முறையீடு செய்ய இங்கே தொடவும். பயந்துபோய்த் தொட்டார், பாஸ்வேர்டைப் போட்டார், போனுக்கு வந்த எண்ணையும் அதே பக்கத்தில் போட்டார். முழு அதிகாரம் உள்ள ஒருவரால் மற்ற நால்வரையும் நீக்க முடியும். அவர் கணக்கில் புகுந்தவர்கள் அப்படியே நீக்கிவிட்டார்கள்.

"நான் போன மாசம்தான் பேஜ் பாஸ்வேர்டை மாத்தினேன் சார்" என்றார் கடைக்காரர். எனக்குத் தலைவலி வருவதே இந்த வாக்கியத்தைக் கேட்டால்தான். ஃபேஸ்புக் பேஜுக்கு என்று தனி பாஸ்வேர்டே கிடையாது. நீங்கள் மாற்றியது உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. பேஜ் என்பது ஒரு கடை, சாவி இருப்பது ஆட்களிடம். ஐந்து பேருக்கு முழு அதிகாரம் கொடுத்தால் ஐந்து கதவு. அதில் எந்தக் கதவு மெலிசோ அதுதான் உங்கள் பாதுகாப்பு. உங்கள் பூட்டு எத்தனை பெரிதாக இருந்து என்ன?

இதைவிட மோசம், கடைப் பெயரிலேயே ஒரு ஆள் கணக்கைத் தொடங்கி, அதன் பாஸ்வேர்டை ஊழியர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது. மீட்கும்போது ஃபேஸ்புக் அடையாள அட்டை கேட்டால் என்ன காட்டுவீர்கள்? "ஸ்ரீ சில்க்ஸ்" என்று எந்த ஆதாரில் பெயர் இருக்கிறது?

சரி, என்ன செய்ய வேண்டும்? இன்றைக்கே பேஜுக்கு மாறி, செட்டிங்ஸில் Page access பகுதியைத் திறந்து பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். முழு அதிகாரம் இரண்டு பேருக்குப் போதும். ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், அவர் கணக்கு முடங்கினால் பேஜும் போய்விடும். பதிவு போடுபவருக்கும் மெசேஜுக்குப் பதில் சொல்பவருக்கும் Task access கொடுங்கள். அதில் பதிவு, மெசேஜ், விளம்பரம் என்று வேலைக்கு வேலை தனித்தனியாகத் தரலாம், பேஜின் பிடி கைமாறாது. வேலையை விட்டுப்போகிறவரிடம் கடைச்சாவியை வாங்கும் அன்றே இந்தப் பெயரையும் எடுத்துவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். அந்தத் தம்பியும் திருடன் இல்லையே, ஏமாந்தவர்தான்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று: கடைப்பெயரும் 123-ம் வேண்டாம். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள், வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். நினைவில் நிற்காது என்றால் நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஃபேஸ்புக்கோடு இணைத்த ஜிமெயிலுக்கும் இதே கவனம் தேவை. அது போனால் எல்லா பாஸ்வேர்டையும் அதன் வழியாகவே மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு எண்ணையும் கேட்பது. அந்த எண் எஸ்.எம்.எஸ்ஸில் வருவதைவிட, போனிலேயே அதைக் காட்டும் அங்கீகார ஆப் நல்லது. நான் பார்த்த ஒரு கடையில் அந்த எஸ்.எம்.எஸ். ரீசார்ஜ் போடாமல் விட்ட பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது! கூடவே தரும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து அதே பீரோவில் வையுங்கள். ஆனால் போலிப் பக்கத்தில் நீங்களே எண்ணைத் தட்டினால் எந்த ஆப்பும் காப்பாற்றாது. அந்த இடத்தில் ஏமாறாதது, பென்டிரைவ் போலச் செருகும் யு.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி, அது போலி முகவரிக்குப் பதிலே சொல்லாது. முழு அதிகாரம் உள்ள இருவருக்காவது வாங்கிக் கொடுங்கள்.

விளம்பரத்துக்கு உங்கள் பிரதான கார்டைக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. தனிக் கார்டு ஒன்றை வைத்து, வங்கி ஆப்பில் ஆன்லைன் செலவின் உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். ஃபேஸ்புக்கிலேயே விளம்பர வரம்பு வைக்கலாம்தான், ஆனால் உள்ளே புகுந்தவன் அதை ஏற்றிவிட முடியும். வங்கி வரம்பில் அவனால் கை வைக்க முடியாது.

எல்லாம் மீறி நடந்துவிட்டால், முதலில் கார்டை முடக்குங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள், அப்புறம் facebook.com/hacked. புடவைக் கடைக்காரர் இதைத் தலைகீழாகச் செய்தார். பேஜை மீட்பதிலேயே காலை முழுக்கப் போனது, அதற்குள் கார்டில் இன்னும் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டது.