ஏக்கருக்கு 5 மணி நேரம்: கிளைவாய்க்காலில் முறைநீர் கணக்கிடும் விதம்

தாமிரபரணிக் கால்வாய்களில் கார் பருவத்திலோ பிசானத்திலோ வரத்து குறையும்போது, எல்லா மடைகளையும் ஒருசேரத் திறந்து வைத்தால் தலைமடை வயல் நிறையும், கடைமடைக்கு ஈரம்கூடப் போகாது. அதனால் ஒரு கிளைவாய்க்காலின் முழு நீரையும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே விட்டு, நாளும் மணியும் குறித்த பட்டியல்படி அடுத்தவருக்குத் திருப்புவதே முறைப்பாசனம். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள ஊரில், இதை அச்சங்கத்தின் மூலம் நடத்தலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கிளைவாய்க்காலின் பாசனப் பரப்பு 33 ஏக்கர், ஒரு சுற்று 168 மணி, அதாவது ஒரு வாரம். வறண்ட வாய்க்காலில் நீர் பகுதி பகுதியாக நிறைய மொத்தம் 4 மணி ஆகிறது. அதைக் கழிக்க வேண்டும். தலைமதகை அடைத்த பின்னும் வாய்க்காலில் தேங்கிய நீர் கடைமடைக்கு 1 மணி நேரம் வடியும்; அதைக் கூட்ட வேண்டும். மீதி 165 மணியை 33ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 5 மணி.

தலைமடையில் 2 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 10 மணி. அவர் மடை வரை வாய்க்கால் நிறைய அரை மணி சேர்த்து, திங்கள் காலை 6 முதல் மாலை 4.30 வரை அவர் முறை. கடைமடையில் ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு ஏழரை மணி உரிமை. எதிர்மடைக்காரர் வாய்க்காலை நிரப்பிவிட்டதால் நிரப்பு நேரம் கிடையாது, வடிநீர் அவருக்கே வருவதால் 1 மணி கழியும். ஆகவே ஞாயிறு இரவு 11.30 முதல் திங்கள் காலை 6 வரை. இவரே எப்போதும் இராத்தூக்கம் கெடாமலிருக்க, அடுத்த பருவத்தில் பட்டியலை 12 மணி தள்ளினால் அவர் முறை திங்கள் பகல் 11.30க்கு வரும்.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்றுண்டு: பட்டியல் உறுதி தருவது நேரத்துக்குத்தான், நீரின் அளவுக்கு அல்ல. நொடிக்கு 1 கன அடி நீர் ஒரு மணி பாய்ந்தால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 1 அங்குலம் நிற்கும். எனவே 5 மணியில் 5 அங்குலம். வரத்து பாதியானால் இரண்டரைதான். மண்வாய்க்காலின் கசிவும் பட்டியலில் சேர்வதில்லை. அது கடைமடைக்காரர் தலையிலேயே விழுகிறது. இதைக் கண்டறிய, தலைமடையிலும் கடைமடையிலும் அவரவர் முறையின்போது ஒரே அகலமுள்ள இடத்தில் நீரின் ஆழத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வழியில் யாரும் மடை திறக்காத போதும் கீழே பெரிதும் குறைந்தால், மணியைக் கூட்டக் கேட்பதைவிடத் தூர் வாரவும் எலிவளை அடைக்கவும் கேட்பதே பயன் தரும்.

தவறிய முறை அடுத்த வாரத்துக்குச் சேராது. பக்கத்து வயல்காரரோடு மணியை மாற்றிக்கொள்வதானால் நீர்ப்பாய்ச்சியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நடவு நேரத்தில் மட்டும் இந்த ஏழு நாள் இடைவெளி நெல்லுக்குப் பொருந்தாது. சேறடிக்கும் வாரங்களில் சுற்றைச் சுருக்க வேண்டியிருக்கும்.