வங்கி மாதாமாதம் பிடிக்கும் கட்டணம்: ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிக் கடிதம் எழுதாதீர்கள்

கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கி அபராதம் போடலாம். ஆனால் நினைத்தபடி போட முடியாது. 2015 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியே முதலில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். கட்டணம் பற்றாக்குறைத் தொகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக் கூடாது.

நடப்பதைப் பாருங்கள். வைக்க வேண்டியது 3,000, இருப்பது 2,900. முதல் மாதம் 100 ரூபாய் அபராதம், 18 ரூபாய் ஜிஎஸ்டி. மீதி 2,782. அடுத்த மாதம் பற்றாக்குறை இன்னும் பெரிதாகிறது, மறுபடி 118. ஐந்து மாதத்தில் 590 போய்விடும். குறைந்திருந்ததோ வெறும் 100 ரூபாய்! கேட்டால், "சிஸ்டம் தானா பிடிக்குது சார்" என்பார்கள்.

கட்டணம் பிடித்ததற்கு ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பெரும்பாலும் கணக்கு எண் முழுதாக இருக்காது, பரிவர்த்தனை எண் இருக்காது, முந்தைய இருப்பும் வெட்டுப்பட்டிருக்கும். "இதை வைத்துச் சரிபார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்ப அதுவே போதும். அந்த மாதங்களுக்கான ஸ்டேட்மெண்டை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பதிவும் என்ன கட்டணம் என்று பாருங்கள். அபராதமும் ஜிஎஸ்டியும் தனித்தனிப் பதிவுகளாக வரலாம். அதை இரண்டு முறை பிடித்ததாக எழுதினால் கடிதம் முழுவதும் பலவீனமாகிவிடும்.

கடிதத்தில் கதை வேண்டாம். தேதி, பரிவர்த்தனை எண், தொகை, அன்றைய இருப்பு என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: "இருப்பு குறைந்ததாக எனக்கு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கோ முகவரிக்கோ தகவல் அனுப்பினீர்கள்? நகல் தரவும். இல்லையெனில் 590 ரூபாயைத் திருப்பி வரவு வைக்கவும்." பழைய மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் போயிருக்கலாம். எண்ணை மாற்றியதை நீங்கள் வங்கிக்குச் சொல்லவே இல்லையென்றால் வாதம் தளரும். அதைக் கடிதம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

மேலாளரிடம் வாயால் சொன்னது புகாரே அல்ல. நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் வங்கியின் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் கட்டணத்தை மட்டும் திருப்பிவிட்டு "தீர்க்கப்பட்டது" என்று மூடுவது வழக்கமான வேலை. மீதி எவ்வளவு என்று குறிப்பிட்டு உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

புகார் வங்கிக்குக் கிடைத்து 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வங்கிக்கு முதலில் எழுதியதற்குச் சான்று இல்லாவிட்டால் அங்கே ஏற்க மாட்டார்கள். முத்திரை போட்ட அந்த நகலையோ புகார் எண்ணையோ அங்கேதான் இணைக்க வேண்டும்.